ஏஜென்சி ப்ரொபோசலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோ பேட்டையிலோ பட்டறை நடத்துகிற ஒருவருக்கு இரும்புத் தகடு வாங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. டன் என்ன விலை, லாரி வாடகை தனியா, எந்த எடைமேடைச் சீட்டு செல்லும், சரக்கு சரியில்லை என்றால் யார் செலவில் திரும்பும் என்று எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் ஆர்டர் போடுவார். அதே மனிதர் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியின் இருபது பக்க ப்ரொபோசல் கைக்கு வந்தால் மாதத் தொகையில் ஐந்தாயிரம் குறைக்கச் சொல்வதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். மற்றதெல்லாம் தமக்குத் தெரியாத தொழில்நுட்பம் என்று விட்டுவிடுகிறார். உண்மையில் அந்தப் பக்கங்களில் கேட்க வேண்டியவை பெரும்பாலும் அவர் தினமும் கேட்கிற கேள்விகள்தான்.

ப்ரொபோசல் எப்போதும் தொடக்கத்தைப் பற்றியே பேசும். முதல் மாதம் இது, மூன்றாம் மாதம் அது என்று போகும். வாடிக்கையாளர் அதை எதிர்ப்பக்கமிருந்து படிக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து நாம் பிரிகிறோம் என்று வைத்துக்கொண்டால், அன்றைக்கு என் கையில் என்ன இருக்கும், அவர் கையில் என்ன இருக்கும், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால் கட்டணம், கணக்கின் உரிமை, மாத அறிக்கை, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் நான்கும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாற்பது பேர் வேலை செய்கிற ஷீட் மெட்டல் ஃபேப்ரிகேஷன் பட்டறை. மின் பேனல் பெட்டிகள், மெஷின் கார்டுகள், கன்வேயர் சட்டங்கள் செய்கிறார்கள். இரண்டு பெரிய கம்பெனிகளின் ஆர்டரை நம்பியே ஓடுகிறது. மூன்றாவது நான்காவது வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். ஒரு ஏஜென்சி வருகிறது. மாதம் 70,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதில் கூகுள் விளம்பரச் செலவும் அடக்கம். ‘கட்டணம்: விளம்பரச் செலவில் 15 சதவீதம் அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது.’ மாதம் 50 லீட் உறுதி. 12 மாத ஒப்பந்தம். இடையில் விலகினால் மீதி மாதங்களின் கட்டணம் முழுவதும் தர வேண்டும்.

முதலில் கட்டணம். 70,000 ரூபாயில் 25,000 போனால் விளம்பரத்துக்கு மிஞ்சுவது 45,000. அதில் 15 சதவீதம் 6,750 ரூபாய்தான். ஆகவே இந்தப் பட்டறைக்கு அந்த 15 சதவீதம் என்ற வரிக்கு எந்தப் பொருளும் இல்லை. குறைந்தபட்சக் கட்டணமான 25,000 ரூபாய்தான் நிஜம். விளம்பரச் செலவோடு ஒப்பிட்டால் அது பாதிக்கும் மேல். விளம்பரச் செலவு மாதம் 1,66,667 ரூபாயைத் தாண்டும்வரை சதவீதக் கணக்கு நடைமுறைக்கே வராது. தாண்டிய பிறகோ நிலைமை தலைகீழாகிறது: செலவைக் கூட்டக் கூட்ட ஏஜென்சியின் வருமானமும் கூடும். செலவைக் கூட்டலாமா என்று ஆலோசனை சொல்பவரும், கூட்டினால் லாபம் அடைபவரும் ஒரே ஆள் என்பதை அப்போது நினைவில் வைக்க வேண்டும்.

இதனால் 25,000 அநியாயம் என்று சொல்லவரவில்லை. சிறிய விளம்பரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் பெரிய கணக்குக்கு ஆகும் வேலையில் பெரும்பகுதி ஆகத்தான் செய்யும். கேட்க வேண்டியது வேறு. இந்த 25,000 ரூபாய்க்கு யார் வேலை செய்யப்போகிறார், மாதம் எத்தனை மணி நேரம், அவர் கையில் இப்போது எத்தனை கணக்குகள் இருக்கின்றன? விற்க வந்தவர் அனுபவசாலியாக இருப்பார். கையெழுத்தான மறுநாள் வேலை புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் போகும். அந்த ஆளை ஒப்பந்தத்துக்கு முன்பே சந்திக்கக் கேளுங்கள். மாதம் இருபது மணி நேரம் என்றால் மணிக்கு 1,250 ரூபாய் கொடுக்கிறோம் என்று கணக்கு வரும். அது தகுமா என்று முடிவு செய்வது எந்த முதலாளிக்கும் கடினமில்லை.

அடுத்தது, அந்த 45,000 ரூபாய் முழுவதும் கூகுளுக்குப் போகிறதா? ‘எல்லாம் அடக்கம்’ என்று ஒரே வரியில் பில் வந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஏஜென்சி 30,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டாலும் உங்கள் பில்லில் அது தெரியாது. வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியாவில் கூகுள் விளம்பரக் கணக்கில் முன்பணமாக 45,000 ரூபாய் கட்டினால் அதற்குள்ளிருந்தே 18 சதவீத ஜி.எஸ்.டி. கழியும், விளம்பரத்துக்கு நிற்பது சுமார் 38,136 ரூபாய். ப்ரொபோசலில் உள்ள 45,000 வரிக்கு முந்தையதா, வரி சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். மாதம் கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம் இது.

இந்தச் சிக்கல்களை ஒரே ஏற்பாடு தீர்க்கும். விளம்பரப் பணத்தை உங்கள் கம்பெனியின் கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ நேரே கூகுளுக்குக் கட்டுங்கள். ஏஜென்சிக்கு அவர்கள் கட்டணத்தை மட்டும் தனி பில்லில் கொடுங்கள். கணக்கில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்துவிட்டால் கூகுளின் வரி இன்வாய்ஸ் உங்கள் பெயரிலேயே வரும், உள்ளீட்டு வரி வரவும் நேரே கிடைக்கும். இதற்கு மறுக்கிற ஏஜென்சியிடம் காரணம் கேளுங்கள். ‘எங்களுக்குக் கடன் வசதி இருக்கிறது, நீங்கள் முன்பணம் கட்ட வேண்டாம்’ என்பது ஏற்கத்தக்க காரணம். அப்போதும் கூகுள் கொடுத்த இன்வாய்ஸின் நகல் மாதாமாதம் வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம்.

விளம்பரத் தொழிலில் கட்டணம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குப் பழைய வேர் உண்டு. செய்தித்தாள் காலத்தில் இந்தியன் நியூஸ்பேப்பர் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகையே 15 சதவீதம் கமிஷன் கொடுத்தது. விளம்பரம் கொடுப்பவர் ஏஜென்சிக்குத் தனியாக எதுவும் தருவதாக உணரவே இல்லை. அது விளம்பர விலைக்குள் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் விளம்பரதாரர்களின் தேசியச் சங்கம் வெளியிட்ட 2016 ஆம் ஆண்டு அறிக்கை, ஊடகங்களிடமிருந்து ஏஜென்சிகள் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் தள்ளுபடி வாங்கும் பழக்கம் பரவலாக இருப்பதாகச் சொன்னது. நம் நாட்டில் 2025 மார்ச் மாதம் இந்தியப் போட்டி ஆணையம், விளம்பர விலையையும் தள்ளுபடியையும் கூடிப்பேசி முடிவு செய்தார்களா என்ற சந்தேகத்தில் பெரிய பன்னாட்டு ஏஜென்சிகளின் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. கோடிக்கணக்கில் செலவழிக்கிற, சட்டப் பிரிவே வைத்திருக்கிற கம்பெனிகளுக்கே தங்கள் பணம் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரிவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்காரர் கூச்சப்பட ஒன்றுமில்லை, கேட்டுவிட வேண்டியதுதான்.

இனி கணக்கின் உரிமை. என் கணிப்பில், ப்ரொபோசல் முழுவதிலும் அதிக நஷ்டம் ஒளிந்திருப்பது இங்கேதான். கட்டணத்தில் ஏமாந்தால் சில ஆயிரங்கள் போகும். உரிமையில் ஏமாந்தால் ஒரு வருட வேலை மொத்தமும் போகும்.

கூகுள் விளம்பரக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் உண்டு. எந்தச் சொல்லைத் தேடியவர் அழைத்தார், எந்த விளம்பரம் வீணானது, எந்த ஊரிலிருந்து உருப்படியான ஆள் வந்தார் என்ற அனுபவம் முழுவதும் அந்த எண்ணுக்குள் சேர்ந்துகொண்டே வரும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அறிவு அது. ஏஜென்சி தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, உங்களை உள்ளே சேர்க்காமல் நடத்தினால், பிரியும் நாளில் அது அவர்களோடு போய்விடும். அடுத்த ஏஜென்சி முதலிலிருந்து தொடங்கும். முதல் இரண்டு மாதம் மீண்டும் பணத்தைக் கொட்டி அதே பாடத்தைப் படிக்கும்.

சரியான முறை இதற்கு நேரெதிரானது. கணக்கை உங்கள் கம்பெனி மின்னஞ்சலில் நீங்களே திறக்க வேண்டும். உங்கள் நிலை Admin என்று இருக்க வேண்டும். ஏஜென்சியிடம் பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒன்றாகப் பார்க்கும் மேலாளர் கணக்கு இருக்கும். அதிலிருந்து உங்கள் கணக்குக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புவார்கள். நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர்களால் வேலை செய்ய முடியும். பிரியும்போது நீங்கள் இணைப்பை நீக்குகிறீர்கள். வரலாறு முழுவதும் உங்களிடமே நிற்கும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தனிக் கணக்கு என்பதும், கேட்டால் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதும், தனியாகக் கட்டணம் வாங்கினால் அதைச் சொல்ல வேண்டும் என்பதும் விளம்பரம் நடத்தித்தரும் மூன்றாம் தரப்பினருக்குக் கூகுளே வைத்திருக்கும் விதிகள். ஆகவே ‘எங்கள் கம்பெனி பாலிசிப்படி எண்ணைத் தர மாட்டோம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பதில் கூகுளின் பாலிசிக்கே ஒத்துவராது.

கூகுள் விளம்பரக் கணக்கோடு இது முடிவதில்லை. இணையதள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது என்று பாருங்கள். கூகுள் மேப்பில் பட்டறையைக் காட்டுகிற பிசினஸ் புரொஃபைலுக்கு முதன்மை உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும்; ஏஜென்சி மேலாளராக இருந்தால் போதும். பலர் தவறவிடுவது தொலைபேசி எண்ணை. எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணிக் காட்டுவதற்காகச் சில ஏஜென்சிகள் தங்கள் பெயரில் ஒரு எண் வாங்கி, அதை உங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கைக்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்த எண்ணை விசிட்டிங் கார்டிலும் கேட்டுக்கு மேலுள்ள போர்டிலும் அடித்துவிட்டால், பிரிந்த பிறகு உங்கள் போர்டில் இருப்பது இன்னொருவர் எண்.

படங்களுக்கும் எழுத்துக்கும்கூட இது பொருந்தும். ஏஜென்சி செய்து கொடுத்த ப்ரோஷரும் இணையதள எழுத்தும் பணம் கொடுத்ததாலேயே உங்கள் சொத்தாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 1957 ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் உரிமை மாற்றித் தரப்படுகிறது’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். துறைமுகம் பக்கத்தில் இருக்கிற, நாளை ஏற்றுமதிக்குப் போகக்கூடிய பட்டறைக்கு அந்த வரி தேவைப்படும்.

மாத அறிக்கைக்கு வருவோம். ‘50 லீட் உறுதி’ என்றார்களே, லீட் என்றால் எது? இதை வரையறுக்காத அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. தொழிற்பேட்டையில் இருக்கும் எந்தக் கம்பெனியின் எண்ணை இணையத்தில் போட்டாலும் முதலில் வருவது ‘வேலை காலி இருக்கா சார்’ என்ற அழைப்பு. அடுத்தது ஸ்கிராப் கேட்பவர்கள், வீட்டு ஜன்னலுக்குக் கிரில் கேட்பவர்கள், உங்களிடமே ஏதாவது விற்க வருபவர்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினால் 50 தாராளமாக வரும். எண்ணிக்கையை உறுதியளித்தவருக்கு இவர்களை வடிகட்டுவதால் லாபமும் இல்லை. பட்டறைக்கு வேண்டிய லீட் எது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்: ட்ராயிங் அல்லது அளவுகளோடு கொட்டேஷன் கேட்டவர், ஜி.எஸ்.டி. எண் உள்ள கம்பெனி, இதுவரை நம்மிடம் வாங்காதவர். மாதம் 50 அழைப்பில் இப்படிப்பட்டவர் ஆறு பேர் என்றால், 70,000 ரூபாயை ஆறால் வகுத்துப் பாருங்கள். ஒரு கொட்டேஷன் வாய்ப்புக்குச் சுமார் 11,667 ரூபாய் ஆகிறது. ஐம்பதால் வகுத்தால் 1,400 ரூபாய். ஏஜென்சி தன் அறிக்கையில் காட்டுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். பத்து லட்ச ரூபாய் ஆர்டர் பிடிக்கிற தொழிலில் முதல் எண்ணும்கூடத் தாங்கக்கூடியதாக இருக்கலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

அறிக்கைக்காகக் காத்திராமல் கணக்குக்குள் நீங்களே போய்ப் பார்க்கலாம். பார்க்க மட்டும் முடிகிற அனுமதியை உங்கள் அக்கவுண்டன்ட்டுக்கும் கொடுத்து வைக்கலாம். இரண்டு இடங்கள் போதும். ஒன்று Search terms. மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்று அங்கே தெரியும். அங்கே வேலைவாய்ப்பு, சம்பளம், இன்றைய இரும்பு விலை என்ற தேடல்களுக்குப் பணம் போயிருந்தால், அந்தச் சொற்களை விலக்கச் சொல்லி எழுதுங்கள். அடுத்த மாதமும் அவை இருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். உங்கள் கம்பெனிப் பெயரையே தட்டச்சு செய்து வந்தவர்களைத் தனியாகக் கழித்துவிடச் சொல்லுங்கள். அவர்களை விளம்பரம் கொண்டுவரவில்லை, எப்படியும் வந்திருப்பார்கள்.

மற்றொன்று Change history. கணக்கில் யார், எந்தத் தேதியில், என்ன மாற்றினார் என்ற பதிவு அது. மாதம் இருபது மணி நேரம் வேலை என்று சொல்லியிருந்தால் அதன் தடம் அங்கே இருக்கும். முதல் வாரம் பரபரப்பாகவும் அதன்பின் இரண்டு மாதம் வெறுமையாகவும் இருந்தால், 25,000 எதற்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

நம் பகுதிக்கென்றே ஒரு சோதனையும் இருக்கிறது. விளம்பரம் எந்த ஊர்களில் காட்டப்படுகிறது என்று கேளுங்கள். அவசரத்தில் ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், மாநில எல்லையைத் தாண்டி ஆந்திரத்தில் தடா பக்கம் இருக்கும் ஸ்ரீ சிட்டி விட்டுப்போயிருக்கும். கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்கு ஒரகடத்தைவிடப் பக்கத்தில் இருக்கிற, தொழிற்சாலைகள் நிறைந்த சந்தை அது. ப்ரொபோசலில் இந்த ஊர் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்தாலே, எழுதியவர் உங்கள் தொழிலைப் பற்றி யோசித்தாரா, அல்லது வேறொருவருக்கு எழுதியதில் பெயரை மாற்றினாரா என்று தெரிந்துவிடும்.

கூகுள் தேடலில் முதலிடம் உறுதி என்று சொல்பவர்களைப் பற்றி ஒரே வரி: அதை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

கடைசியில் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம். இதில் ஏஜென்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணையதளத்தைச் சீரமைப்பது, கணக்கை அமைப்பது எல்லாம் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் குவிகிற வேலை. அடுத்த மாதமே விலகினால் அவர்களுக்கு நஷ்டம். தொழிற்சாலை வியாபாரமும் மெதுவானது: விசாரணை வந்து, கொட்டேஷன் போய், வெண்டர் பதிவு, ஆடிட், சாம்பிள் எல்லாம் முடிந்து ஆர்டர் வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். இரண்டாம் மாதத்திலேயே ‘ஆர்டர் எங்கே’ என்று கேட்பது சரியில்லை. ஆனால் இந்த நியாயம் 12 மாதப் பூட்டுக்குப் போதாது. அமைக்கும் வேலைக்குத் தனியாக ஒரு முறைக் கட்டணம் கொடுத்துவிட்டால் அவர்கள் பயம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மூன்று மாதம், பிறகு மாதாமாதம், விலக 30 நாள் முன்னறிவிப்பு என்று வைத்துக்கொள்ள முடியும்.

நம் பட்டறை ஐந்தாம் மாத முடிவில் விலகுகிறது என்று வைப்போம். ப்ரொபோசலில் எழுதியபடி ஏழு மாதக் கட்டணம், 1,75,000 ரூபாய், தர வேண்டும். ஏஜென்சி அந்த ஏழு மாதமும் எந்த வேலையும் செய்யாது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெற முடியும் என்கிறது. ஆக, எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று இல்லை. ஆனால் இந்தத் தொகைக்காக வழக்கு நடத்துவது இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகாது. வழக்கு வெளியூர் நீதிமன்றத்தில்தான் நடக்கும் என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் திருவள்ளூர் என்றோ சென்னை என்றோ மாற்றச் சொல்லுங்கள். தானாகவே இன்னொரு வருடம் நீளும் என்ற வரியும் சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதை அடித்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் பின்தேதியிட்ட காசோலைகளைக் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வேலை சரியில்லை என்று பணத்தை நிறுத்துவது சிவில் தகராறு. கையில் காசோலை இருந்து அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆவது பிரிவில் அதுவே குற்ற வழக்காக உருவெடுக்கும். ஒரு வருடக் காசோலைகளை மொத்தமாகக் கொடுத்தவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பேரம் பேசும் பலத்தை முதல் நாளே இழந்துவிடுகிறார்.

நம் பட்டறைக்காரர் இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திருத்தி அனுப்பினால் அந்தத் தாள் இப்படி இருக்கும். அமைக்க ஒரு முறைக் கட்டணம் 30,000. மாதக் கட்டணம் 25,000, இருபது மணி நேரத்துக்கு, செய்பவர் பெயரோடு. விளம்பரச் செலவு வரிக்கு முன் 45,000, பட்டறையே நேரே கூகுளுக்குக் கட்டும். எல்லாக் கணக்கும் பட்டறையின் மின்னஞ்சலில். லீட்டுக்கான வரையறை இணைப்பில். முதல் மூன்று மாதம், பிறகு 30 நாள் முன்னறிவிப்பு. விலகிய ஏழு நாளுக்குள் கடவுச்சொற்களும் மூலக் கோப்புகளும் ஒப்படைப்பு. மூன்றாம் மாதமே விலகினாலும் ஏஜென்சிக்கு 1,05,000 ரூபாய் கிடைத்திருக்கும். செய்த வேலைக்கு நஷ்டமில்லை.

இதை அனுப்பும்போது கூடவே ஒன்றைக் கேளுங்கள். பரிந்துரைக்கு மூன்று வாடிக்கையாளர் பெயர்களை ஏஜென்சி தரும். அதில் ஒருவராவது அவர்களை விட்டு விலகியவராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அவருக்குப் போன் செய்து, விலகிய பிறகு கணக்கின் அட்மின் உரிமை எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று மட்டும் விசாரியுங்கள்.